ஏன் வேலையை விட்டீர்கள்: நான் சொல்லிப்பார்த்த மூன்று பதில்கள்

பதவி விலகச் சொன்ன நாளில் எனக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் என் பிரிவுத் தலைவரும் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். "நீங்களாக விலகிவிட்டால் உங்களுக்கு நல்லது. இல்லையென்றால் நாங்கள் நீக்க வேண்டியிருக்கும்" என்றார் மனிதவளப் பிரிவுக்காரர். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தி, வாசகத்தையும் அவரே சொன்னார். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதச் சொன்னார், எழுதினேன். கை நடுங்கியதில் நடுவிலிருக்கும் 'க்' விட்டுப்போய், பிறகு மேலே செருகினேன். செருகிய அந்தச் சொல் அடுத்த ஓராண்டு என்னைப் பாடாய்ப் படுத்தப்போகிறது என்பது அப்போது தெரியாது.

நடந்தது இதுதான். சப்ளையர்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலைபார்த்து வந்தேன். ஒரு மாதக் கடைசியில், நெடுநாள் பழகிய சப்ளையர் ஒருவரின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்றது. கடிதத்தின் நடை, கையொப்பம், சின்னம் எல்லாம் வழக்கம்போலவே இருந்தன. அனுப்பியவரின் முகவரியில் மட்டும் ஓர் எழுத்து இரண்டு முறை வந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காவிட்டாலும் தப்பித்திருக்கலாம், ஏனென்றால் அதற்கென்றே எங்களிடம் ஒரு விதி இருந்தது. கணக்கு மாற்றக் கோரிக்கை வந்தால், அந்த மின்னஞ்சலில் கொடுத்திருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நம் பதிவில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு அழைத்து, தெரிந்த ஆளிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். நான் ஒருமுறை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. நாளை கேட்டுக்கொள்ளலாம் என்று கணக்கை மாற்றிவைத்தேன். மறுநாள் மறந்துபோனேன். இரண்டு தொகைகள் அந்தக் கணக்குக்குப் போயின. உண்மையான சப்ளையர் "பணம் இன்னும் வரவில்லையே" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. வங்கிக்குச் சொல்வதற்குள் பணத்தை எடுத்துவிட்டிருந்தார்கள்.

மூன்று வாரம் விசாரணை நடந்தது. பிறகு அந்த வெள்ளைத் தாள்.

முதல் நேர்காணல் இரண்டு மாதம் கழித்து வந்தது. "போன வேலையை ஏன் விட்டீர்கள்?" என்ற கேள்வி வரும் என்று தெரிந்தும் நான் எதையும் தயார்செய்து வைக்கவில்லை. உண்மையைச் சொல்வதற்குத் தயாரிப்பு எதற்கு என்ற மிதப்பு. கேள்வி வந்ததும் வாய் திறந்தது, பிறகு மூடவே இல்லை. மாதக் கடைசி வேலைப்பளு, பிரிவில் இருவர் குறைவாக இருந்தது, கையெழுத்துப் போட்ட மேலதிகாரியும் மின்னஞ்சலைப் பார்த்தது, அவர்மேல் நடவடிக்கை எடுக்காதது, ஆறு ஆண்டுகளில் இது என் முதல் தவறு என்பது எல்லாவற்றையும் கொட்டினேன். கால் மணி நேரமாவது பேசியிருப்பேன். கேட்டவர் நல்ல மனிதர், பொறுமையாகத் தலையாட்டினார். ஆனால் கொடுத்த அரை மணி நேரத்தில் பாதி இதிலேயே போயிற்று. எனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்க அவருக்கு நேரம் மிஞ்சவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அப்படியும், அறையை விட்டு வெளியே வரும்போது, பழைய மேலதிகாரியைத் தூற்றுகிற ஓர் ஆளைத்தான் அவர் பார்த்திருப்பார் என்று எனக்கே தோன்றியது.

சூடுபட்ட பூனை அடுத்த முறை எதிர்ப்பக்கம் ஓடியது. இரண்டாவது இடத்தில், "சொந்தக் காரணம்" என்று இரண்டே சொல்லில் முடித்தேன். கடிதத்தில் அப்படித்தானே இருக்கிறது! கேட்டவரும் மேலே தோண்டவில்லை. நேர்காணல் நன்றாகப் போனது. தேர்வான பிறகு நிரப்பச் சொல்லி ஒரு படிவம் வந்தது. அதில் இரண்டு கேள்விகள். முன்பு செய்த வேலையை விட்டதற்குக் காரணம் என்ன என்பது ஒன்று. எப்போதாவது பணிநீக்கம் செய்யப்பட்டிருக்கிறீர்களா, அல்லது விலகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறீர்களா என்பது மற்றொன்று. முதலாவதில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். இரண்டாவதில் பேனா கொஞ்ச நேரம் தயங்கியது, பிறகு 'இல்லை' என்பதில் குறியிட்டேன். படிவத்தின் கடைசியில், மேலே தந்த விவரங்கள் உண்மை, பொய்யென்று தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கலாம் என்று இரண்டு வரிகள் இருந்தன. அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன்.

வேலைக்கான கடிதம் வந்தது. பத்து நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பும் வந்தது. பின்னணி விவரங்களைச் சரிபார்க்கும் நிறுவனம் என் பழைய அலுவலகத்தைக் கேட்டிருக்கிறது. அங்கிருந்து வந்த பதில்: 'விசாரணைக்குப் பின் நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி பதவி விலகினார்.' புதிய நிறுவனம் தந்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அழைத்த பெண்மணி கடுமையாகப் பேசவில்லை. "நடந்த தவறைச் சொல்லியிருந்தால் யோசித்திருப்போம். படிவத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள், அதை நான் எப்படித் தாண்டுவது?" என்று மட்டும் கேட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேலையை இழந்த நாளில் அந்த அறையிலேயே செய்திருக்க வேண்டியவை சில உண்டு. நான் செய்யவில்லை. அன்றே கையெழுத்துப் போட வேண்டாம், ஓரிரு நாள் அவகாசம் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், மறுத்தால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தகவல்தான். நீக்கப்பட்டவருக்கும் தானே விலகியவருக்கும் கிடைக்கும் தொகைகளும் உரிமைகளும் பல நாடுகளில் வேறுவேறு. அதைத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது. விலகல் கடிதத்தில் காரணம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. 'இன்ன தேதியிலிருந்து பதவி விலகுகிறேன்' என்ற ஒரு வரி போதும். காரணம் எழுதினால் அது உண்மையாக இருக்க வேண்டும். பொய்க் காரணத்தை அடுத்தவர் சொல்லச் சொல்ல எழுதினாலும், பிறகு அதைச் சுமப்பது நாம்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு கேள்வி: "நாளை வேறொரு நிறுவனம் உங்களைக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?" அதற்கான பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் வேலைபார்த்த தேதியையும் பதவியையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடும். சில காரணத்தையும் சொல்லும். மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா என்ற கேள்விக்கு 'மாட்டோம்' என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்பவர்களும் உண்டு. எந்தப் பதில் போகப்போகிறது என்று தெரியாமல் நம் பதிலைத் தயாரிப்பது இருட்டில் ஊசிக்கு நூல் கோர்ப்பது மாதிரி.

நான் ஐந்து மாதம் தாமதமாக அதைக் கேட்டேன். பழைய அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று நாளில் பதில் வந்தது. தேதிகள், பதவி, 'நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி விலகினார்', இவ்வளவுதான் சொல்வோம், விசாரணை விவரங்களைத் தர மாட்டோம் என்றார்கள். அந்தப் பதிலைப் படித்தபோது கோபத்தைவிட நிம்மதிதான் மேலோங்கியது. நான் பயந்ததைவிட அது சிறியதாக இருந்தது.

அதன் பிறகுதான் அக்காவிடம் போனேன். என் கூடப்பிறந்த அக்காவின் தோழி, எனக்கும் அக்காதான். மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். "என்னை அந்த அதிகாரி என்று நினைத்துக்கொள். வேலையை ஏன் விட்டாய்?" என்றார். முதல் நேர்காணலில் சொன்னதைக் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். நான் பேசப் பேச, அவர் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள் போட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் உறையைத் திருப்பிக் காட்டினார். பதினோரு கோடுகள்.

"இது என்ன அக்கா?"

"நீ சொன்ன 'ஆனால்'. பதினோரு தடவை. தவறுதான் ஆனால், அழைத்தேன் ஆனால், விதி உண்டு ஆனால். தம்பி, நீ எனக்குப் பதில் சொல்லவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்குச் சொல்கிறாய்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரி. விசாரணையில் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம் முறையிட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்றே விஷயங்கள் என்றார் அக்கா. இவர் சொல்வது நாம் விசாரித்தால் கிடைக்கும் தகவலோடு ஒத்துப்போகுமா, தன் பங்கு எது என்று இவருக்குத் தெரிகிறதா, நம்மிடம் வந்தாலும் இதே நடக்குமா. இந்த மூன்றுக்கும் வெளியே இருப்பதை அவர் கேட்கவும் இல்லை, கேட்டாலும் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

அன்று மாலை முழுதும் உட்கார்ந்து நான்கு வாக்கியங்களை எழுதினோம். எழுதும்போதுதான் நம் மொழியே நமக்கு ஒளிந்துகொள்ள எத்தனை மூலைகளை வைத்திருக்கிறது என்று தெரிந்தது. முதலில் 'ஒரு தவறு நடந்துவிட்டது' என்று எழுதினேன். தவறு தானாக நடக்குமா என்று கேட்டு அதை அடித்தார். 'சரிபார்ப்பு விடுபட்டுப்போனது' என்றேன். எழுவாய் எங்கே என்றார். 'பணம் அனுப்பப்பட்டது' என்றேன். யாரால் என்றார். கடைசியில் 'நான் உறுதிசெய்யவில்லை' என்று எழுதினேன். இரண்டு சொல்தான், எழுத அரை மணி நேரம் ஆனது. 'எங்கள் பிரிவில்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை 'என் பொறுப்பில்' என்று மாற்றினார்.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. குற்ற உணர்ச்சியில் 'நிதி மோசடி ஒன்றில் சிக்கி' என்று எழுதியிருந்தேன். "இதைப் படிக்கிறவர் மோசடி செய்தது நீ என்று நினைப்பார்" என்றார் அக்கா. உண்மையைச் சொல்வது ஒன்று, நடந்ததைவிடப் பெரிதாக்கிக்கொள்வது வேறு. போலி மின்னஞ்சலை நம்பினேன் என்பதுதான் நடந்தது. 'அலட்சியத்தால்' என்றும் எழுதியிருந்தேன். அதையும் எடுக்கச் சொன்னார். என்ன செய்யத் தவறினாய் என்று சொல், அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதைக் கேட்பவர் பார்த்துக்கொள்வார் என்றார்.

முதல் சொல்லில்தான் அதிகம் மல்லுக்கட்டினோம். 'விலகினேன்' என்று மட்டும் சொன்னால் பொய்யாகாது. ஆனால் ஏன் என்று நேராகக் கேட்பவரிடம் அது பாதி உண்மை. நிர்வாகம் சொல்லும் பதிலோடு வைத்துப் பார்த்தால் மறைத்ததாகத்தான் தெரியும். 'நீக்கினார்கள்' என்றால் அதுவும் சரியில்லை, தாளில் இருப்பது விலகல்தான். 'நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் விலகினேன்' என்பதே இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் வாக்கியம். உண்மையிலேயே நீக்கப்பட்டவராக இருந்தால் 'நீக்கினார்கள்' என்றே தொடங்குவது நல்லது. 'பரஸ்பர சம்மதத்தின் பேரில்' என்பது அப்படி எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருப்பவர்களுக்கு மட்டும்.

கடைசியில் நின்றது இது:

"நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் பதவி விலகினேன். சப்ளையர் ஒருவரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வந்த போலி மின்னஞ்சலை நம்பி, பதிவிலிருந்த எண்ணில் பேசி உறுதிசெய்யாமலே கணக்கை மாற்றினேன், இரண்டு தொகைகள் தவறான கணக்குக்குப் போயின. உறுதிசெய்வது என் பொறுப்பு, நான் செய்யவில்லை. இப்போது தற்காலிகமாக வேலைபார்க்கும் இடத்தில், அழைப்புப் பதிவும் இரண்டாவது ஆளின் கையெழுத்தும் இல்லாமல் எந்தக் கணக்கையும் மாற்ற முடியாத முறையை ஏற்படுத்தியிருக்கிறேன்."

நிதானமாகச் சொன்னால் அரை நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். நான்காவது வாக்கியம் ஆரம்பத்தில் 'இந்த அனுபவம் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது' என்று இருந்தது. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், கண்ணால் பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று அக்கா கேட்டார். அப்போது ஒரு சிறு நிறுவனத்தில் வாரம் மூன்று நாள் பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அப்படி ஒரு முறை இல்லை. மறுவாரமே உரிமையாளரிடம் பேசி ஒரு படிவத்தை அச்சடித்தேன். எந்த எண்ணுக்கு அழைத்தோம், யார் பேசினார், எத்தனை மணிக்கு, இரண்டாவது கையெழுத்து யாருடையது என்று நான்கு கட்டங்கள். அது நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. நேர்காணலுக்காகச் செய்ததுதானே என்று கேட்டால், ஆமாம், அதற்காகவும்தான்.

இந்த நான்கு வாக்கியங்களையும் எல்லா இடத்திலும் ஒப்பிக்கக் கூடாது. பயோடேட்டாவில் விலகிய காரணம் தேவையில்லை. தேதிகள் மட்டும் மாதத்தோடு சரியாக இருக்க வேண்டும். இடைவெளியை மறைக்க இரண்டு மாதத்தை நீட்டிப் போட்டால், சரிபார்ப்பில் முதலில் மாட்டுவது அதுதான். படிவத்தில் காரணம் கேட்டால் ஒரு வரி போதும்: 'நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி விலகினேன், விவரம் நேரில் சொல்கிறேன்.' ஆம், இல்லை என்று கேட்கும் கேள்விக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே 'ஆம்' என்றே குறியிட வேண்டும், காலியாக விடவும் கூடாது. ஆனால் கேள்வியை இரண்டு முறை படிக்க வேண்டும். 'பணிநீக்கம் செய்யப்பட்டீர்களா' என்று மட்டும் கேட்டால் பதில் ஒன்று, 'விலகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டீர்களா' என்றும் சேர்த்துக் கேட்டால் பதில் வேறு. நேர்காணலுக்கு முன்பு தொலைபேசியில் பேசும் ஆள் கேட்டால் முதல் வாக்கியமும் இரண்டாவதின் சாரமும் போதும்.

யாரும் கேட்கவே இல்லையென்றால்? இதில் கருத்து வேறுபாடு உண்டு. கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யாகாது, பழைய நிறுவனம் தேதிகளை மட்டும் சொல்லும் என்றால் நானும் பேசாமல் இருந்துவிடுவேன். காரணத்தையும் சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தால் முந்திக்கொள்வதே நல்லது என்பது என் கட்சி. அதற்கு நேரம், தேர்வாகிவிட்டோம் என்று தெரிந்த பிறகும் வேலைக்கான கடிதம் வருவதற்கு முன்பும். "நீங்கள் விசாரிக்கும்போது தெரியவரும், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்" என்று தொடங்கி நான்கு வாக்கியங்களையும் சொல்லிவிடலாம். கடிதம் கைக்கு வந்த பிறகு சொன்னால், உண்மையாகவே இருந்தாலும் தந்திரமாகத் தோன்றும்.

பரிந்துரைக்குப் பெயர் கொடுப்பவர்களிடமும் நம் வாசகத்தைச் சொல்லி வைக்க வேண்டும். எனக்கு முன்பு மேலதிகாரியாக இருந்து, சம்பவத்துக்கு முன்பே வேறிடம் போய்விட்ட ஒருவரின் பெயரைக் கொடுத்திருந்தேன். அவரை அழைத்து நான்கு வாக்கியங்களையும் படித்துக் காட்டினேன். அவர் ஆறு ஆண்டுகளில் நான்கு ஆண்டுகள் என் வேலையைப் பார்த்தவர். "உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்கிறேன், இதைப் பற்றிக் கேட்டால் நீ என்னிடமும் இதையே சொன்னாய் என்று சொல்கிறேன்" என்றார். அதற்குமேல் அவரிடம் எதையும் கேட்கவில்லை. நமக்காக அவர் பொய் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளிவிடக் கூடாது.

மூன்றாவது நேர்காணலில் எதிரே இருவர் இருந்தார்கள். கணக்குப் பிரிவின் தலைவி ஒருவர், மனிதவளப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர். கேள்வி பத்தாவது நிமிடத்தில் வந்தது. நான்கு வாக்கியங்களையும் சொல்லி நிறுத்தினேன். அந்த அம்மையார் உடனே எதுவும் கேட்கவில்லை. குனிந்து எழுதினார். அந்த மௌனம்தான் உண்மையான சோதனை. பேனா தாளில் நகர்கிற சத்தம் கேட்கிறது, நாக்கு நுனியில் 'ஆனால்' வந்து நிற்கிறது, நான் அழைத்தது, யாரும் எடுக்காதது எல்லாம் வரிசையில் காத்திருக்கின்றன. மேசைக்கு அடியில் கட்டைவிரலால் முழங்காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நொடி இருக்கும். எனக்கு அது ஒரு மாதக் கடைசி அளவுக்கு நீண்டது.

நிமிர்ந்தவர் கேட்டார், "உங்களுக்கு மேலே ஒப்புதல் கொடுத்தவர் யாரும் இல்லையா?"

நல்லெண்ணத்தோடு கேட்ட கேள்வியாகத்தான் இருக்கும். ஆனால் முதல் நேர்காணலில் நான் விழுந்த கிணறு இதுதான். "இரண்டாவது ஒப்புதல் இருந்தது. அவர் பார்ப்பது தொகையை. கணக்கை உறுதிசெய்வது என் வேலை" என்றேன். உண்மையும் அதுதான். அவர்மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, அதைச் சொல்ல அது இடமில்லை.

இளைஞர் தொகை எவ்வளவு என்று கேட்டார். விலகும்போது கையெழுத்திட்ட ஆவணத்தில் உள்விவரங்களை வெளியிடக் கூடாது என்றிருந்தது. "அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. என்ன நடந்தது, நான் என்ன செய்யவில்லை என்பதைச் சொல்கிறேன்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. அம்மையார் மட்டும் லேசாகத் தலையசைத்தார். தன் நிறுவனத்தின் விவரமும் நாளை இப்படித்தான் காக்கப்படும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம், அது என் ஊகம்.

"அவர்கள் உங்களைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா?" என்றும் கேட்டார்கள். "மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்" என்றேன். இதற்கு வேறு நல்ல பதிலைத் தேடியிருந்தேன், கிடைக்கவில்லை. பிறகு அம்மையார் அந்த நான்கு கட்டப் படிவத்தைப் பற்றிக் கேட்டார். சப்ளையர் எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார். பணம் காத்திருக்கும், நினைவூட்டலோடு கோரிக்கை நிலுவையில் நிற்கும், அவசரம் என்று யார் சொன்னாலும் பழைய கணக்குக்கோ புதிய கணக்குக்கோ எதுவும் போகாது என்றேன். அங்கிருந்து பேச்சு வேலைக்குத் திரும்பிவிட்டது. மீதி முக்கால் மணி நேரமும் பில்கள், நிலுவைகள், மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு என்றே போனது.

என் கதை, வேலையில் செய்த ஒரு தவறு. எல்லாருடையதும் அப்படி இருக்காது. ஆட்குறைப்பில் போனவர்கள் இந்த வரிசையிலேயே வரமாட்டார்கள். 'என் பதவியையே நீக்கிவிட்டார்கள், மொத்தம் இத்தனை பேர்' என்று சொன்னால் முடிந்தது, அதற்கு மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை என்று அனுப்பியிருந்தால், எந்த வேலையில் குறை வந்தது என்று பெயர் சொல்லிவிட்டு, இப்போது விண்ணப்பிக்கும் வேலையில் அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதே வேலைக்கே மீண்டும் விண்ணப்பிக்கிறவர், இடையில் என்ன மாறியது என்று காட்டியாக வேண்டும். மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் போனவர்களுக்குத்தான் இது கடினம். எதைச் சொன்னாலும் புகாராகக் கேட்கும். எதில் கருத்து வேறுபட்டது என்பதை மேலதிகாரியே படித்தாலும் மறுக்க முடியாத ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பார்க்கலாம். வழக்கோ புகாரோ நடந்துகொண்டிருந்தால் 'அது விசாரணையில் இருக்கிறது, அதற்குமேல் பேச முடியாது' என்பதோடு நிறுத்தி, மீதியை வழக்கறிஞரைக் கேட்டே சொல்ல வேண்டும். பணம் கையாடியது, ஆளைத் துன்புறுத்தியது போன்ற காரணங்களுக்கு என் நான்கு வாக்கியங்கள் போதாது. அவற்றைப் பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இப்படிச் சொன்னதாலேயே வேலை கிடைத்துவிடும் என்றும் இல்லை. அந்த மூன்றாவது இடத்துக்கும் முன்பு, தொலைபேசியில் முதல் வாக்கியத்தைக் கேட்டதுமே "மீண்டும் அழைக்கிறோம்" என்று வைத்துவிட்டவர்கள் இரண்டு பேர். இன்னும் அழைக்கவில்லை. ஆனால் பத்து நாள் கழித்துத் திரும்பப் பெறும் கடிதத்தைவிட, இரண்டு நிமிடத்தில் துண்டித்த அழைப்பு எனக்கு மலிவாகவே பட்டது.

மூன்றாவது நிறுவனமும் சரிபார்ப்புக்குக் கொடுத்தது. பழைய அலுவலகத்தின் பதில் வந்த நாளில் மனிதவளப் பிரிவு இளைஞர் அழைத்தார். "நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி விலகினார் என்று வந்திருக்கிறது" என்று படித்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் தொடர்ந்து, "நீங்கள் சொன்னதுதான். சரி, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர முடியும்?" என்றார்.